படித்த தேதியும் கணித்த தேதியும்

இராமநாதபுரத்தில் பள்ளி அலுவலகப் பணியாளர்களிடையே ஆற்றிய சொற்பொழிவு



ஓர் ஆசிரியரின் நியமன ஆணையையும் பணிப்பதிவேட்டையும் எதிரே வைத்துக்கொண்டு, அவருடைய முன்னுரிமை, கல்வித்தகுதி, ஊதிய உயர்வுத் தேதி ஆகிய மூன்றையும் அரைப் பக்கத்தில் சுருக்கி எழுதும் காரியத்தைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். பதவி உயர்வுப் பட்டியல் தயாரிக்கும் பருவத்தில் இந்த அரைப் பக்கத்தை எல்லோரும் கேட்பார்கள். மாலைக்குள் வேண்டும் என்று தொலைபேசி வரும். முப்பதாண்டு உத்தியோகம் ஒன்றை ஐந்தாறு தேதிகளாகக் குறுக்கி அனுப்பிவிடுவோம். பதிவேடுகளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்ட இக்காலத்திலும், எமிஸிலும் களஞ்சியத்திலும் எந்தத் தேதியை எந்தக் கட்டத்தில் இடுவது என்பதை யாரோ ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் படித்துத்தான் தீர்மானிக்கிறார். அந்த ஒருவர் இங்கே அமர்ந்திருக்கும் உங்களில் ஒருவராகவே பெரும்பாலும் இருக்கிறார்.

நான் சொல்ல வந்த விஷயம் ஒன்றுதான். சுருக்கத்தில் எழுதப்படும் தேதிகள் இரண்டு ஜாதி. ஒன்று, பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி படித்து எழுதியது. மற்றொன்று, படித்ததை வைத்து ஒரு விதியின்படி நாம் கணித்து எழுதியது. பணியேற்ற நாள் படித்த தேதி; அடுத்த ஊதிய உயர்வு நாள் கணித்த தேதி. இவ்விரண்டையும் ஒரே மையில், ஒரே வரிசையில், வேற்றுமை தெரியாமல் எழுதிவிடுவதிலிருந்தே நான் கண்ட பிழைகளில் மிகப் பலவும் பிறந்தன. கணித்த தேதி தவறாக இருந்தால், அது எப்படிக் கணிக்கப்பட்டது என்பதைப் பின்னால் வருபவர் அறியமுடியாது. அறியமுடியாததால் அதையே படித்த தேதியாக எண்ணி, அதன்மேல் இன்னொரு கணக்கைக் கட்டுவார்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். இராமேஸ்வரம் தீவுக்குச் சாலைப் பாலம் திறக்கப்பட்டது 1988 அக்டோபர் 2 அன்று. அதற்கு முன் தீவில் நியமனம் பெற்றவர்கள் பாம்பன் ரயில் பாலத்தைக் கடந்துதான் பணியேற்க வரவேண்டும். வண்டி தாமதமானால் முற்பகல் போய்விடும். அவ்வாறு ஓர் ஆண்டின் மார்ச் 31 அன்று பிற்பகல் பணியேற்ற ஆசிரியர் ஒருவருடைய பதிவேட்டை, பல ஆண்டுகள் கழித்து, எழுத்தனாகச் சேர்ந்த புதிதில் நான் சுருக்க நேர்ந்தது. பதிவேட்டில் தேதிக்குப் பக்கத்தில் 'பி.ப.' என்ற இரண்டெழுத்து இருந்தது. உப்புக்காற்றில் பழுத்த தாளில், மங்கிய ஊதா மையில் இருந்த அதை நான் கண்டேனா, கண்டும் பொருட்படுத்தவில்லையா என்று இன்று சொல்லத் தெரியவில்லை. சுருக்கத்தில் மார்ச் 31 என்று மட்டும் எழுதினேன்.

நம் மாநிலத்து முறையில் ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள்களில் மட்டுமே வழங்கப்படுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஓராண்டு நிறைவுபெறும் நாள் எந்தக் காலாண்டுக்குள் விழுகிறதோ, அந்தக் காலாண்டின் முதல் நாளே உயர்வு நாள். மார்ச் 31 என்றால் ஜனவரி முதல் நாள். ஆனால் பிற்பகலில் பணியேற்றவருக்கு ஊதியம் மறுநாளிலிருந்தே தொடங்கும். அவருடைய கணக்கு ஏப்ரல் 1-இல் பிறக்கிறது. உயர்வும் ஏப்ரலிலேயே வரவேண்டும். என் சுருக்கத்தைப் பார்த்து ஜனவரியிலேயே உயர்வு வழங்கிவந்தார்கள். ஆண்டுக்கு மூன்று மாதம், ஓர் உயர்வுத் தொகை மிகை. அவர் ஓய்வுபெறும் சமயத்தில் தணிக்கையில் அது வெளிப்பட்டு, அத்தனை ஆண்டு மிகையும் கூட்டிப் பிடித்தம் செய்யப்பட்டது. அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. அன்றுமுதல், பணியேற்ற நாள் என்று எழுதும் இடத்திலெல்லாம் முற்பகலா பிற்பகலா என்பதை எழுதாமல் நான் பேனாவைக் கீழே வைத்ததில்லை.

இனி முழுமையான உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான் வருணிக்கப்போகும் ஆசிரியை தனியொருவர் அல்லர்; இந்த மாவட்டத்தில் பலருடைய பதிவேடுகளில் சிதறிக் கிடப்பவற்றை ஒரே பதிவேட்டில் சேர்த்து உங்களுக்காக அமைத்த மாதிரி. அவர் பிறந்த நாள் 14.6.1976. மேல்நிலைத் தேர்வும் ஆசிரியர் பயிற்சிப் பட்டயமும் முடித்தவர். 2004 ஆகஸ்டு 24 தேதியிட்ட செயல்முறைகளின்படி, கடலாடி ஒன்றியத்தில் இடைநிலை ஆசிரியையாகத் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார். ஆணையின் இணைப்பிலுள்ள பட்டியலில் அவர் 17-ஆவது பெயர். பேருந்து மாறி மாறி அந்தக் கரையோரக் கிராமத்தை அடைந்து, 27.8.2004 பிற்பகல் பணியேற்றார்.

முதல் இடறல் இங்கேயே இருக்கிறது. அதே ஆணையில் 23-ஆவது பெயருக்குரியவர் ஒரு நாள் முன்னதாக, 26-ஆம் தேதி முற்பகலிலேயே பணியேற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இருவரில் மூத்தவர் யார்? கணினியில் அட்டவணை போட்டுப் பணியேற்ற தேதிப்படி வரிசைப்படுத்தும் பழக்கமுள்ளவர்கள் தயங்காமல் 23-ஆமவரை மேலே வைப்பார்கள். ஆனால் நேரடி நியமனத்தில் முன்னுரிமை என்பது தெரிவுப் பட்டியலில் பெற்ற ஸ்தானத்தைப் பொறுத்தது. சார்நிலைப் பணிகளுக்கான பொதுவிதிகளின் 35-ஆவது விதி சொல்லிவந்த கொள்கை அதுதான். அந்த விதிகளின் இடத்தில் வந்த 2016-ஆம் ஆண்டு அரசுப் பணியாளர் பணி நிபந்தனைகள் சட்டத்திலும் அந்த அடிப்படை தொடர்கிறது. குறித்த கெடுவுக்குள் பணியேற்றுவிட்டால், பேருந்து முந்தி வந்தவர் மூத்தவர் ஆகிவிடமாட்டார். ஆகவே நியமன ஆணையைச் சுருக்கும்போது நாம் தேடவேண்டிய முதல் எண், ஆணையின் முதல் பக்கத்திலுள்ள தேதியைவிட, இணைப்பிலுள்ள வரிசை எண்ணே. துரதிருஷ்டவசமாக, பதிவேட்டோடு ஒட்டிவைக்கப்படும் நகலில் முதல் பக்கம் மட்டுமே இருக்கும், இணைப்பு போயிருக்கும். அப்போது சுருக்கத்தில் 'வரிசை எண்: நகலில் இணைப்பு இல்லை' என்று எழுதுங்கள். அந்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள். பணியேற்ற தேதியை அதற்குப் பதிலாக நுழைத்தும் விடாதீர்கள். மூல ஆணை பிறந்த அலுவலகத்திலிருந்து இணைப்பின் நகல் கிடைக்கும். கிடைக்கும்வரை இல்லாததை இல்லை என்றே சொல்வோம்.

ஆசிரியையின் கதை மேலே செல்கிறது. தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்ட ஆசிரியர்கள் 2006 ஜூன் 1 முதல் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள் என்பது உங்களில் அநேகருக்குச் சொந்த வாழ்வின் சரித்திரம். எனவே இவருடைய பதிவேட்டில் தொடக்கம் என்று சொல்லத்தக்க தேதிகள் இரண்டு. 27.8.2004 பணியேற்ற நாள், 1.6.2006 காலமுறை ஊதியம் தொடங்கிய நாள். ஊதிய உயர்வு என்பது காலமுறை ஊதியத்துக்கே உரியது. ஆதலால் முதல் ஆண்டு நிறைவு 1.6.2007, அது ஏப்ரல்–ஜூன் காலாண்டுக்குள் விழுவதால் உயர்வு நாள் 1.4.2007. தகுதிகாண் பருவமும் பத்தாண்டு நிறைவில் வரும் தேர்வுநிலையும்கூட 2006 ஜூன் முதற்கொண்டே எண்ணப்படுகின்றன. நியமன ஆணையை மட்டும் படித்துவிட்டுப் பதிவேட்டின் நடுப்பக்கங்களைப் புரட்டாதவர், ஆகஸ்டு மாதத்தைப் பிடித்துக்கொண்டு ஜூலை முதல் நாளை உயர்வு நாளாக எழுதிவிடுவார். இந்தப் பிழையை இதே உதாரணத்தில் இன்னும் சற்று நேரத்தில் மறுபடி சந்திப்போம்; அப்போது அது வேறு வேஷத்தில் வரும்.

2009-இல் இவருக்குக் குடும்பத்தில் ஒரு கஷ்டகாலம். பிப்ரவரி 2 முதல் மார்ச் 18 வரை, 45 நாள்கள், ஊதியமில்லா விடுப்பில் இருந்தார். மருத்துவச் சான்று இணைக்கப்படவில்லை. பதிவேட்டில் விடுப்புக் கணக்குப் பக்கத்தில் ஒற்றை வரி. பணி விவரப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. மருத்துவச் சான்றில்லாத ஊதியமில்லா விடுப்பு ஊதிய உயர்வுக்குரிய காலத்தில் சேராது. எனவே ஆண்டு நிறைவு நாள் 45 நாள்கள் பின்தள்ளிப் போகிறது: ஜூன் 1-இலிருந்து ஜூலை 16-க்கு. ஜூலை 16 அடுத்த காலாண்டுக்குள் விழுகிறது. ஆகவே 2009-இல் ஏப்ரலில் வரவேண்டிய உயர்வு ஜூலை 1-க்குப் போகிறது. பின்வரும் ஆண்டுகளிலும் ஜூலையே. விடுப்பு 29 நாள்களோடு முடிந்திருந்தால் நிறைவு நாள் ஜூன் 30, ஏப்ரல் தப்பியிருக்கும். ஒரு நாள் கூடினாலும் மூன்று மாதம் தள்ளும். இந்தக் காரணத்தால்தான் விடுப்புக் கணக்கைப் படிக்காமல் ஊதிய உயர்வுத் தேதியை எழுதுவது அபாயகரம் என்கிறேன்.

இப்போது கவனியுங்கள். நியமன ஆணையை மட்டும் படித்தவர் ஆகஸ்டிலிருந்து கணித்து ஜூலை 1 என்று எழுதினார் அல்லவா? முழுப் பதிவேட்டையும் படித்து, 2006 ஜூனிலிருந்து தொடங்கி, 45 நாள்களைக் கூட்டிக் கணித்தவருக்கும் 2009-க்குப் பின் விடை ஜூலை 1 தான். விடை ஒன்று, வழி இரண்டு, ஒரு வழி முழுக்கத் தவறு. மேலதிகாரி ஒருவர் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் சரியென்றே தோன்றும். இந்த மயக்கம் என்றைக்குக் கலையும் என்றால், அந்த ஆசிரியை இன்னொரு முறை ஊதியமில்லா விடுப்பு எடுக்கும்போதுதான். பிற்பாடு ஓர் ஆண்டில் 40 நாள்கள் அவ்வாறு எடுத்தார் என்று வையுங்கள். சரியான வழியில் நிறைவு நாள் ஜூலை 16-இலிருந்து ஆகஸ்டு 25-க்குப் போகும். அதுவும் அதே காலாண்டு. உயர்வு ஜூலை 1-இலேயே நிற்கும். தவறான வழியிலோ, பிற்பகல் பணியேற்பால் ஆகஸ்டு 28 என்று கொண்டு 40 நாள்களைக் கூட்டினால் அக்டோபர் 7 வரும். உயர்வு அக்டோபர் 1-க்குப் போய்விடும். இழக்கவேண்டாத மூன்று மாத உயர்வை அந்த ஆசிரியை இழப்பார், ஆண்டுதோறும் இழப்பார். அதற்குக் காரணம் பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டு எல்லோராலும் சரிபார்க்கப்பட்ட ஒரு சரியான விடை.

இதற்கு நான் கைக்கொண்ட பரிகாரம் எளியது. ஊதிய உயர்வுக் கட்டத்தில் ஒரு தேதியை எழுதாமல் இரண்டை எழுதுவேன். ஆண்டு உண்மையில் நிறைவடையும் நாள் ஒன்று; காலாண்டு விதியால் உயர்வு வழங்கப்படும் நாள் மற்றொன்று. '16.7, வழங்கும் நாள் 1.7, தொடக்கம் 1.6.2006, 2009-இல் 45 நாள்கள், விடுப்புக் கணக்குப் பக்கம் இன்னது' என்று எழுதினால் ஒரு வரிதான் ஆகிறது. பின்வருபவர் கணக்கை எங்கே விட்டோமோ அங்கே எடுத்துக்கொள்வார். வழங்கும் நாளை மட்டும் எழுதுவது, கிணற்றின் ஆழத்தைச் சொல்லாமல் தண்ணீர் இருக்கிறது என்று மட்டும் சொல்லிக் கயிறு கொடுக்காமல் அனுப்புவதைப் போன்றது.

அடுத்து, மாறுதல். நம் மாவட்டத்தில் பதினோரு ஊராட்சி ஒன்றியங்கள். தொடக்கக் கல்வித் துறையில் நெடுங்காலம் முன்னுரிமையின் அலகு ஒன்றியமாகவே இருந்தது. ஒருவர் தம் சொந்த விருப்பத்தின்பேரில் ஒன்றியம் விட்டு ஒன்றியம் மாறினால், புதிய ஒன்றியத்தில் அன்றுள்ள பட்டியலின் கடைசியில் நிற்பார். பழைய ஒன்றியத்தின் ஆண்டுகள் சம்பளத்துக்கு உண்டு, முன்னுரிமைக்கு இல்லை. நம் ஆசிரியையின் கணவர் பாம்பனில் மீன்பிடித் தொழில் சார்ந்த வியாபாரம் செய்பவர். குடும்பம் ஒன்றுசேர வேண்டும் என்று ஆசிரியை கடலாடியிலிருந்து மண்டபம் ஒன்றியத்துக்கு விருப்ப மாறுதல் பெற்று, 13.7.2012 முற்பகல் பணியேற்றார். கடலாடியில் 17-ஆவது எண்ணுக்கு இருந்த மதிப்பு மண்டபத்தில் இல்லாமற்போயிற்று. தம்மைவிட நான்கைந்து ஆண்டு இளையவர்கள் தமக்குமுன் தலைமையாசிரியரானதை இப்படிப் பலர் மௌனமாகப் பார்த்திருக்கிறார்கள். குடும்பத்துக்காகச் செய்த மாறுதலுக்கு அவர்கள் கொடுத்த விலை அது. கடற்கரையில் பணிபுரிந்த பெண்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கொடுத்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

2023 டிசம்பர் 21 தேதியிட்ட 243-ஆம் எண் அரசாணை இந்த அலகை ஒன்றியத்திலிருந்து மாநிலமாக மாற்றியது. அந்த ஆணையைப் பற்றி ஆசிரியர் இயக்கங்களுக்குள் பலத்த எதிர்ப்பு எழுந்ததையும் நீங்கள் அறிவீர்கள். அதன் நன்மை தீமைகளை ஆராய்வது இன்றைய காரியம் அன்று. சுருக்கம் எழுதுபவருக்கு அதனால் விளைந்தது இதுதான்: 2023-க்கு முன் சுருக்கம் எழுதியவர், மண்டபத்தில் முன்னுரிமைத் தேதி 13.7.2012 என்று ஒன்றை மட்டும் எழுதி வைத்திருப்பார். அன்றைய தேவைக்கு அது முற்றிலும் சரி. இன்று அலகு மாறியபின், 2004-ஆம் ஆண்டு ஆணையும், அதன் வரிசை எண்ணும், 2006-உம் மறுபடி உயிர்பெற்று எழுகின்றன. பழைய சுருக்கத்தில் அவை இல்லை. விதி மாறும், நடந்தது மாறாது. 'முன்னுரிமைத் தேதி' என்ற ஒற்றைத் தலைப்பை விட்டுவிட்டு, தெரிவு வரிசை எண், முதல் பணியேற்பு, காலமுறை ஊதியத் தொடக்கம், இப்போதைய ஒன்றியத்தில் பணியேற்பு, மாறுதல் விருப்பத்தின்பேரிலா நிருவாகக் காரணத்தாலா என்பது ஆகிய ஐந்தையும் எழுதிவிட்டால், எந்த விதி வந்தாலும் அந்த அரைப் பக்கம் நின்றுகொள்ளும். எவ்வரிசையில் ஆசிரியர்களை நிறுத்துவது என்பதை ஆணையிடும் அலுவலர் தீர்மானிப்பார். அவர் தீர்மானிக்க வேண்டியதை நாம் ஒரு தேதிக்குள் ஒளித்து முன்னமே தீர்மானித்துவிடக் கூடாது.

பழைய பதிவேடுகளைப் படிப்பவர்களுக்கு இடையில் ஒரு சொல். 1910-இல் அமைந்த பழைய இராமநாதபுரம் மாவட்டம் 1985-இல் மூன்றாகப் பிரிந்தது. அதற்குமுன் தொடங்கிய பதிவேடுகளில் சிவகங்கையும் விருதுநகரும் 'இராமநாதபுரம் மாவட்டம்' என்றே இருக்கும். அதற்குப் பின் 1997 வரை அவையே பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம், காமராசர் மாவட்டம் என்று வரும். இதை அறியாதவர் மூன்று பெயரைக் கண்டு இரண்டு மாவட்ட மாறுதல் என்று எழுதிவிட நேரும். பணிவிடுவிப்பும் பணியேற்பும் இல்லாத இடத்தில் மாறுதல் இல்லை, பெயர்தான் மாறியிருக்கிறது.

கல்வித்தகுதிக்கு வருவோம். ஒரு பட்டத்துக்குத் தேர்வின் கடைசி நாள், முடிவு வெளியான நாள், சான்றிதழில் அச்சான நாள் என்று மூன்று தேதிகள் உண்டு. பதிவேட்டில் அது பதியப்பட்ட நாள் நான்காவது. ஊக்க ஊதிய உயர்வு வழங்கிவந்த காலத்தில் தேர்வின் கடைசி நாளுக்கு மறுநாளே கணக்குக்கு ஆதாரமாயிற்று. பதவி உயர்வுப் பட்டியலுக்கோ அந்த ஆண்டின் ஜனவரி முதல் நாளன்று தகுதி இருந்ததா என்பதே கேள்வி. உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வு 10.3.2020 முதல் நிறுத்தப்பட்டுவிட்டபடியால், அந்த நாளுக்கு இருபுறமும் நெருங்கி நிற்கும் பட்டங்களில் எந்தத் தேதியை எழுதுகிறோம் என்பது மிகவும் முக்கியமாகிவிடுகிறது. நம் ஆசிரியை தொலைநிலைக் கல்வியில் பி.எஸ்சி.யும் பின்னர் பி.எட்.உம் முடித்தவர். பதிவேட்டில் 'பி.எட். தேர்ச்சி' என்ற பதிவோடு ஒரு தேதி. அது எந்தத் தேதி என்று சொல்லவில்லை. சான்றிதழின் நகலை எடுத்துப் பார்த்தால் அது அச்சான நாள் என்று தெரிகிறது. ஆகவே 'சான்றிதழ் நாள்' என்று அதை அடையாளமிட்டு, தேர்வின் கடைசி நாளை மதிப்பெண் பட்டியலிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ பெறவேண்டும் என்று குறிக்கிறோம். உண்மைத்தன்மைச் சான்று பெறப்பட்டதா, பெறப்பட்டால் எந்தக் கடிதம், என்பதும் அதே வரியில் வரவேண்டும்.

இக்கட்டத்தில் இன்று எல்லோர் மனத்தையும் உறுத்தும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வு நம் மாநிலத்தில் 15.11.2011 தேதியிட்ட 181-ஆம் எண் அரசாணையால் கொண்டுவரப்பட்டது. 2004-இல் நியமனம் பெற்றவரிடம் அது கேட்கப்படவில்லை. எனவே பதிவேட்டில் அதைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. ஆனால் 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஓய்வுபெற ஐந்தாண்டுக்குமேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேறவேண்டும் என்றும், ஐந்தாண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் தேறாமலே தொடரலாம், ஆயினும் பதவி உயர்வுக்குத் தேர்ச்சி வேண்டும் என்றும் சொன்னது. அத்தீர்ப்பு வந்த மறுநாளே அலுவலகங்களிலிருந்து பட்டியல் கேட்டார்கள். அவசரத்தில் பலர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு அனுப்பினார்கள். அந்தக் கோட்டுக்கு என்ன பொருள்? தேர்வு எழுதவில்லையா, எழுதித் தேறவில்லையா, தேறியிருந்தும் பதிவேட்டில் ஏறவில்லையா? மூன்றுக்கும் பலன் வேறு. தம் சொந்த முயற்சியில் தேர்வெழுதித் தேறி, சான்றிதழைப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பதிவேட்டில் சேர்க்கச் சொல்லும் அவசியம் அவர்களுக்கு அதுவரை ஏற்படவில்லை. 'பதிவேட்டில் காணப்படவில்லை, ஆசிரியையிடம் கேட்கப்பட்டது, தேறவில்லை என்று இன்ன தேதியில் எழுத்துமூலம் தெரிவித்தார்' என்று எழுதுவதே முறை.

ஓய்வு நாளும் கணித்த தேதிதான். 14.6.1976-இல் பிறந்தவர் அறுபது வயது நிறைவுறும் மாதத்தின் கடைசி நாளில், 30.6.2036 அன்று ஓய்வுபெறுவார். ஐந்தாண்டுக்குமேல் இருக்கிறது, ஐயமில்லை. ஆனால் 1.9.1970-இல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் நாளில் பிறந்தவர் முந்திய மாதத்தின் கடைசி நாளில் ஓய்வுபெறுவார், அதாவது 31.8.2030. தீர்ப்பு நாளாகிய 1.9.2025-இலிருந்து எண்ணினால் மிகாமலும் குறையாமலும் ஐந்தாண்டு. அவர் எந்தப் பக்கம்? அதைச் சொல்ல எழுத்தருக்கு அதிகாரம் இல்லை, தலைமையாசிரியருக்கும் இல்லை. பிறந்த நாளையும் கணித்த ஓய்வு நாளையும் எழுதி, 'சரியாக ஐந்தாண்டு; அலுவலர் முடிவுக்கு' என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். தெரியாத இடத்தில் நிறுத்தத் தெரிந்த சுருக்கத்தை நான் முழுமையான சுருக்கம் என்றே கருதுகிறேன்.

இத்தனையும் எழுதி முடித்தபின் செய்யவேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. அதைத்தான் நாம் பெரும்பாலும் செய்வதில்லை. அந்த அரைப் பக்கத்தை அனுப்புமுன் அந்த ஆசிரியையிடமே காட்டவேண்டும். கையெழுத்துக்காக நீட்டுவது போதாது. பக்கத்தில் உட்காரவைத்து, வரி வரியாக வாசித்துக் காட்டவேண்டும். அரை மணி நேரம் பிடிக்கும். அவ்வாறு ஒருமுறை வாசித்தபோது, ஊதியமில்லா விடுப்பு வரியில் ஓர் ஆசிரியை என்னை நிறுத்தினார்கள். "ஐயா, அந்த விடுப்புக்கு மருத்துவச் சான்று கொடுத்தேனே, ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் வாங்கியது" என்றார்கள். பதிவேட்டில் அது இல்லை. பழைய விடுப்பு விண்ணப்பக் கட்டை அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்துப் பிரித்தோம். கறையான் ஓரம் அரித்த அந்தக் கட்டின் நடுவில், விண்ணப்பத்தோடு குண்டூசியில் கோத்தபடி சான்று இருந்தது; குண்டூசி துருப்பிடித்துத் தாளில் செந்நிறத் தடம் பதித்திருந்தது. அதன் நகலை இணைத்து, விடுப்பின் தன்மையைத் திருத்தும்படியும், ஊதிய உயர்வு நாளை மறுபரிசீலனை செய்யும்படியும் கருத்துரு எழுதினோம். ஆணை வரும்வரை சுருக்கத்தில் பழைய தேதியையே வைத்து, அதன் பக்கத்தில் 'கருத்துரு நிலுவையில்' என்று எழுதி, அவர்களுடைய கையெழுத்தை வாங்கிக்கொண்டேன்.